ஃப்ளூ ஊசியும் கோவிட் ஊசியும் ஒரே நாளில்: ஸ்காபரோ மருந்தாளர் ஒருவரின் பதில்கள்

ஒன்ராறியோவில் ஒக்டோபர் பிறந்ததும் மருந்தகங்களில் இந்த இரண்டு ஊசிகளையும் கேட்டு வருவோர் கூடிவிடுவர். உறுப்பினர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, ஸ்காபரோவில் நெடுங்காலமாக மருந்தாளராகப் பணிபுரியும் நம் உறுப்பினர் ஒருவர் எழுதிய பதில்கள் கீழே உள்ளன.

கேள்வி: இரண்டு ஊசிகளுக்கும் இடையில் 14 நாள் இடைவெளி விட வேண்டும் என்று எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. இப்போது ஒரே நாளில் போடலாம் என்கிறார்களே, அப்படிப் போட்டால் ஒன்றின் வேலையை மற்றது கெடுக்காதா? (மார்க்கம் வாசகர்)

உங்கள் நினைவு சரியானதுதான், ஆனால் அந்த விதி இப்போது இல்லை. கோவிட் தடுப்பூசி புதிதாக வந்த காலத்தில், ஏதேனும் பக்கவிளைவு ஏற்பட்டால் அது எந்த ஊசியால் வந்தது என்று குழப்பமின்றித் தெரிய வேண்டும் என்பதற்காகவே அந்த இடைவெளியை வைத்திருந்தார்கள். கனடாவின் தேசிய தடுப்பூசி ஆலோசனைக் குழு 2021 செப்டம்பரில் அதைக் கைவிட்டது. அதே ஆண்டு பிரித்தானியாவில், கோவிட் ஊசியின் இரண்டாவது தவணையுடன் ஃப்ளூ ஊசியையும் சேர்த்துப் பெற்ற வயது வந்தோரிடம் ஓர் ஆய்வு நடந்தது. அவர்களின் உடலில் உருவான எதிர்ப்பாற்றல் குறையவில்லை என்று அது காட்டியது. ஆகவே ஃப்ளூ ஊசிக்கும் கோவிட் ஊசிக்கும் இடையில் எத்தனை நாள் விடலாம் என்றால், ஒன்றும் விடத் தேவையில்லை என்பதே பதில். ஒரே நாள், மறுநாள், ஒரு கிழமை கழித்து, எல்லாமே சரி. ஒருவருடைய முந்தைய கோவிட் ஊசிக்கும் அடுத்த கோவிட் ஊசிக்கும் இடையில் உள்ள காலத்தைத்தான் நாங்கள் கணக்குப் பார்க்கிறோம்.

கேள்வி: அம்மாவுக்கு 71 வயது, இரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் எடுக்கிறார். ஜூலை 20ஆம் திகதி கோவிட் ஊசி போட்டார். ஒக்டோபர் 10ஆம் திகதி இரண்டுக்கும் நேரம் பதிந்திருக்கிறேன். பரவாயில்லையா?

ஃப்ளூ ஊசிக்கு அந்த நாள் பொருத்தமானது, கோவிட் ஊசிக்கு அது முந்திவிட்டது. இரண்டு கோவிட் ஊசிகளுக்கு இடையில் 6 மாதம் விடுவது இங்கே வழமை. குறைந்தது 3 மாதமாவது ஆக வேண்டும். அம்மாவுக்கு 3 மாதம் ஒக்டோபர் 20ஆம் திகதிதான் நிறைகிறது; 6 மாதம் என்றால் ஜனவரி 20 ஆகிவிடும். எனவே 10ஆம் திகதி அவரை அழைத்துச் சென்று ஃப்ளூ ஊசியை மட்டும் போட்டுவிடுங்கள். 65 வயதைக் கடந்தவர்களுக்கென உள்ள, வீரியம் கூடிய வகை இருக்கிறதா என்றும் அங்கே கேளுங்கள். ஃப்ளூ ஊசி வேலை செய்யத் தொடங்க ஏறக்குறைய இரண்டு கிழமைகள் ஆகும் என்பதால், கோவிட் ஊசிக்காகக் காத்திருந்து இதையும் தள்ளிப் போடுவது வீண். கோவிட் ஊசியைப் பொறுத்தவரை, ஜனவரிவரை காத்திருந்தால் குளிர்காலத்தில் பாதி போய்விடும். என் அம்மாவாக இருந்தால் நவம்பர் நடுப்பகுதியில் போடச் சொல்வேன், ஆனால் அவருடைய மருத்துவரிடம் ஒருமுறை கேட்டு முடிவெடுங்கள்.

வார்ஃபரின் எடுப்பது தடையல்ல. இரத்தப் பரிசோதனை அளவு சீராக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஊசி போடுபவரிடம் முன்கூட்டியே சொன்னால் மெல்லிய ஊசியைப் பயன்படுத்துவார். போட்ட இடத்தைத் தேய்க்காமல், இரண்டு நிமிடமாவது பஞ்சினால் அழுத்திப் பிடிக்க வேண்டும். எங்கள் அம்மாமார் ஊசி எடுத்தவுடனே கையைத் தேய்ப்பார்கள். அதனால்தான் பெரிய கன்றல் வருகிறது.

கேள்வி: நான் களஞ்சியசாலையில் இரவு வேலை செய்கிறேன். இரண்டையும் ஒன்றாகப் போட்டால் உடம்பு உளைவும் காய்ச்சலும் இரட்டிப்பாகுமா? முன்கூட்டியே டைலினால் போட்டுக்கொள்ளலாமா?

இரட்டிப்பாகாது. அமெரிக்காவில் ஊசி போட்டவர்கள் தாங்களே தெரிவித்த விவரங்களைத் தொகுத்துப் பார்த்தபோது, கோவிட் ஊசியை மட்டும் போட்டவர்களைவிட இரண்டையும் ஒன்றாகப் போட்டவர்கள் களைப்பு, தலைவலி, தசைநோவு போன்றவற்றைச் சொன்னது 8 முதல் 11 சதவீதம்வரைதான் கூடுதலாக இருந்தது. இரு முறை தனித்தனியாகப் போட்டால் இரு முறை உடம்பு நோகக்கூடும் என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

பொதுவாக அன்று இரவோ மறுநாளோ கை நோவும் உளைவும் தொடங்கி, இரண்டு மூன்று நாளில் அடங்கிவிடும். ஆகவே வேலை முடிந்து ஓய்வுநாள் தொடங்கும் வேளையில் போடுங்கள். டைலினாலை, அதாவது ஊரில் நாம் பனடோல் என்பதை, ஊசிக்கு முன்னர் எடுக்க வேண்டாம். பின்னர் காய்ச்சலோ நோவோ வந்தால் எடுக்கலாம். தொண்டை நோவு, மூக்கு ஒழுகல், இருமல் ஆகியவை ஊசியால் வருவன அல்ல. அவை தென்பட்டாலோ, காய்ச்சல் மூன்று நாளைத் தாண்டினாலோ, உங்களுக்கு வேறு தொற்று வந்திருக்கிறது என்று எடுத்துக்கொண்டு பரிசோதியுங்கள்.

நீங்கள் இளைஞராக இருந்தால் ஒன்று கூடுதலாகச் சொல்ல வேண்டும். கோவிட் ஊசிக்குப் பின் முதல் கிழமையில் நெஞ்சு நோவு, படபடப்பு, மூச்சுவாங்கல் வந்தால் பொறுத்துப் பார்க்காமல் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். இதயத்தசை அழற்சி மிக அரிது, ஆனால் இளம் ஆண்களிடமே அது கூடுதலாகக் காணப்பட்டது.

கேள்வி: போன வருடம் ஃப்ளூ ஊசி போட்ட மூன்றாம் நாளே எனக்கு ஃப்ளூ வந்தது. இந்த முறை இரண்டும் போட்டால் இரண்டு வருத்தமும் வருமா?

கையில் போடும் ஃப்ளூ ஊசியிலும் சரி, கோவிட் ஊசியிலும் சரி, நோய் உண்டாக்கக்கூடிய உயிருள்ள வைரசு இல்லை. மூன்றாம் நாள் வந்தது பெரும்பாலும் ஏற்கெனவே தொற்றியிருந்த ஏதோ ஒரு வைரசாக இருக்கும். அப்போது ஊசியின் பாதுகாப்பு இன்னும் தொடங்கியிருக்காது.

கேள்வி: ஒரே கையிலா, இரு கைகளிலுமா?

இரண்டும் சரி. ஒரே கையில் என்றால் இரண்டு ஊசிகளுக்கும் இடையில் 2.5 சென்ரிமீற்றராவது இருக்க வேண்டும். வீரியம் கூடிய ஃப்ளூ ஊசி என்றால் நான் இரு கைகளிலும் போடுவதையே விரும்புவேன், ஏனெனில் மறுநாள் எந்தக் கை வீங்கியது என்பதை வைத்து எந்த ஊசி என்று சொல்லலாம். ஒரு பக்கம் சரிந்துதான் தூக்கம் வரும் என்பவர்களுக்கு மட்டும், இரண்டையும் ஒரே கையில் போட்டு மற்றக் கையை விட்டுவிடுவதுண்டு.

ஓய்வுபெற்ற தாதி ஒருவர் இடையில் எழுதியது: தோளின் மேல் விளிம்புக்கு மிக அருகில் ஊசி ஏறினால் மூட்டு நோவு வாரக்கணக்கில் நீடிக்கும். சட்டைக் கையை முழுவதும் மேலே சுருட்ட முடியாவிட்டால் சட்டையைக் கழற்றச் சொல்வதே நல்லது. இன்னொன்று, ஊசி போட்ட பக்கத்து அக்குளில் நெறி கட்டலாம். மமோகிராம் எடுக்கப் போகும் பெண்கள் எந்தக் கையில், எப்போது ஊசி போட்டார்கள் என்று அங்கே சொல்ல வேண்டும்.

அக்கா சொன்ன இரண்டும் முக்கியமானவை. இறுகிய கை வைத்த சுவெட்டருடன் வருபவர்களிடம் நான் தினமும் இதற்காகவே மன்றாடுகிறேன்.

கேள்வி: முதியவர்களுக்கு இரண்டையும் சேர்த்துப் போட்டால் பக்கவாதம் வரும் என்று வட்சப்பில் படித்தேன். உண்மையா?

அந்தச் செய்திக்கு ஒரு மூலம் உண்டு, எனவே வெறும் வதந்தி என்று ஒதுக்க மாட்டேன். கோவிட் ஊசி போட்ட 65 வயதைக் கடந்தவர்களிடம் பக்கவாதம் குறித்து ஒரு கண்காணிப்பு எச்சரிக்கை கிடைத்திருப்பதாக 2023 ஜனவரியில் அமெரிக்க அதிகாரிகள் அறிவித்தார்கள். பாதிக்கப்பட்டோரில் பலர் வீரியம் கூடிய ஃப்ளூ ஊசியையும் அன்றே போட்டிருந்தனர். பின்னர் நடந்த ஆய்வுகள் ஒரே முடிவைத் தரவில்லை; சிலவற்றில் எதுவும் தெரியவில்லை, ஒன்றில் மிகச் சிறிய அதிகரிப்பு ஃப்ளூ ஊசியோடு தொடர்புடையதுபோலத் தெரிந்தது. ஃப்ளூ நோய் வந்தாலும் மாரடைப்பும் பக்கவாதமும் வரும் வாய்ப்புக் கூடுகிறது என்பதால், ஊசியைத் தவிர்ப்பது தீர்வாகாது. சேர்த்துப் போடலாம் என்ற பரிந்துரை மாறவில்லை. ஆனாலும் மனம் ஒப்பாத முதியவரிடம் நான் வாதாடுவதில்லை. அன்று ஃப்ளூ ஊசியைப் போட்டுவிட்டு, இரண்டு கிழமை கழித்துக் கோவிட் ஊசிக்கு வரும் திகதியையும் அங்கேயே பதிந்து கொடுத்து அனுப்புகிறேன். திகதி பதியாமல் போனவர்களில் பலர் திரும்பி வருவதில்லை.

கேள்வி: ஊசி போட்ட பிறகு 15 நிமிடம் இருக்கச் சொல்கிறார்கள். காரில் போய் இருந்தால் போதாதா?

தனியாக வந்திருந்தால் போதாது. கடுமையான ஒவ்வாமை வந்தால் அந்த நேரத்துக்குள்ளேயே பெரும்பாலும் தொடங்கிவிடும். அதற்கான எபிநெப்ரின் ஊசி எங்கள் மேசையில்தான் இருக்கிறது.