ஏன் இந்த மருத்துவத் துறை என்று சொல்லும் விண்ணப்ப ஸ்டேட்மென்ட்டில் ஒரு கேஸை எழுதுவது எப்படி?

கேள்வி: தஞ்சாவூர் பக்கம் ஹவுஸ் சர்ஜன் முடித்திருக்கிறேன். வெளிநாட்டில் அவசர மருத்துவப் பயிற்சிக்கு விண்ணப்பிக்கிறேன். ஏன் இந்தத் துறை என்பதற்கு என்ன எழுதுவது?

டெல்டாவில் போஸ்டிங் பார்த்தவர் பூச்சிமருந்து கேஸ் பார்க்காமல் இருந்திருக்க மாட்டார். அதையே எடுங்கள். "உயிரைக் காப்பாற்றும் துறை" என்ற வரி வேண்டாம். எதைப் பார்த்து எந்த முடிவு எடுக்கப்பட்டது என்பதை எழுதுங்கள்.

ஆர்கனோபாஸ்பேட் குடித்தவர் வாயில் நுரையோடும் நெஞ்சில் கரகரப்போடும் வருகிறார். அட்ரோபின் 2 மி.கி.யில் தொடங்கி, சரியாகாவிட்டால் 5 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாக்குவார்கள். எங்கே நிறுத்துவது? நெஞ்சு தெளிந்து, நாடித்துடிப்பும் சிஸ்டாலிக் அழுத்தமும் 80-ஐத் தாண்டும்போது. கண்மணி விரியட்டும் என்று ஏற்றிக்கொண்டே போனால் மருந்து மிகுந்து காய்ச்சலும் பிதற்றலும் வரும், குடல் சத்தம் அடங்கிவிடும். ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்டுக் கேட்டு அளவை முடிவு செய்யும் இந்த அரைமணி நேரம்தான் உங்களை இழுத்தது என்றால், அதுவே அவசர மருத்துவத்துக்கான காரணம்.

அதே நோயாளி 1 முதல் 4 நாளுக்குள், நினைவோடு இருக்கும்போதே, தலையணையிலிருந்து தலையைத் தூக்க முடியாமல் போகலாம். மூச்சுத் தசைகளும் தளரப்போகின்றன என்பதற்கு அது முன்னறிகுறி. அட்ரோபின் இதற்கு உதவாது, வென்டிலேட்டர்தான். இந்தக் கட்டம்தான் மனதில் நிற்கிறது என்றால், நீங்கள் யோசிக்க வேண்டியது தீவிர சிகிச்சைத் துறையை.

சீனியர் எடுத்த முடிவை உங்களுடையதாக எழுதாதீர்கள். நேர்காணலில் அதைத்தான் துருவுவார்கள். நோயாளியின் ஊர், தேதி எதுவும் வேண்டாம்.