விண்ணப்பத்தைத் திரும்பப் பெறுவது எப்போது, எப்படி? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி (மண்டபம்): இறால் பதப்படுத்தும் நிறுவனம் ஒன்று, வேலை உறுதி என்று தொலைபேசியில் சொல்லிவிட்டது. மற்ற இடங்களுக்கு அனுப்பிய விண்ணப்பங்களை இப்போதே திரும்பப் பெறலாமா?

பதில்: கொஞ்சம் பொறுங்கள். ஊதியமும் சேர வேண்டிய நாளும் குறிப்பிட்ட பணி நியமனக் கடிதம் வந்து, நீங்கள் அதற்கு எழுத்தில் சம்மதம் தெரிவிக்கும் வரை அது வாய்ச்சொல் மட்டுமே. இடையில் வேறொரு நிறுவனம் நேர்காணலுக்கு அழைத்தால், இரண்டு மூன்று நாள் தள்ளித் தர இயலுமா என்று கேட்பதில் தவறில்லை. சம்மதம் அனுப்பிய அன்றே மற்ற இடங்களுக்கு எழுதிவிடுங்கள்.

கேள்வி (கீழக்கரை): இராமநாதபுரத்தில் ஒரு பள்ளியில் கணித ஆசிரியர் பணிக்கு நேர்காணல் முடிந்து, முடிவுக்காகக் காத்திருந்தேன். அதற்குள் பரமக்குடியில் வேறு பள்ளியில் சேர ஒப்புக்கொண்டுவிட்டேன். அவர்களாக அழைக்கும்போது சொன்னால் போதாதா?

பதில்: போதாது. நேர்காணல் முடிந்ததும் பள்ளி நிர்வாகம் பொதுவாக முதல் தேர்வாக ஒருவரையும் அடுத்த நிலையில் இன்னொருவரையும் மனத்தில் வைத்துக்கொள்ளும். நீங்கள் முதலாமவராக இருந்தால், உங்களுக்கு நியமனக் கடிதம் தயாராகி, நீங்கள் மறுத்து, அதன்பிறகு அடுத்தவரை அழைப்பதற்குள் அவர் வேறெங்காவது சேர்ந்திருக்கக்கூடும். பள்ளி திறக்கும் நாள் நெருங்கிவிட்டால் மீண்டும் விளம்பரம் கொடுத்து ஆள் தேடவும் அவகாசம் இருக்காது. கடிதம் தயாராகும் முன்பே சொன்னால், இரண்டாமவருக்கு நேரடியாக அழைப்பு போகும். அந்த இரண்டாமவரும் உங்களைப் போல வேலைக்காகக் காத்திருப்பவர்தான்.

மின்னஞ்சலின் பொருள் வரியில் பணியின் பெயர், நேர்காணல் நடந்த நாள், உங்கள் பெயர் மூன்றும் இருக்கட்டும். உள்ளே இவ்வளவு போதும்:

"மதிப்பிற்குரிய தாளாளர் அவர்களுக்கு, வணக்கம். கணித ஆசிரியர் பணிக்கான நேர்காணலில் எனக்காக நேரம் ஒதுக்கியமைக்கு நன்றி. வேறொரு பள்ளியில் பணி ஏற்க ஒப்புக்கொண்டுள்ளதால், என் விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். தங்கள் தேர்வுப் பணி தாமதமாகாதிருக்க இதை இன்றே தெரிவிக்கிறேன்."

புதிய பள்ளியின் பெயரையோ ஊதியத்தையோ எழுதத் தேவையில்லை. எழுதினால், கூடுதல் ஊதியம் கேட்டுப் பேரம் பேசுவதாக எடுத்துக்கொள்ள இடமுண்டு. "தற்போதைக்கு இயலாது" போன்ற மழுப்பலையும் தவிருங்கள். அதைப் படிப்பவர் உங்கள் பெயரைப் பட்டியலில் வைத்துக்கொண்டே காத்திருப்பார். மறுநாளே முடிவு சொல்வதாக அவர்கள் கூறியிருந்தால், மின்னஞ்சலோடு நிற்காமல் அலுவலக நேரத்தில் தொலைபேசியிலும் சொல்லிவிடுவது நல்லது.

கேள்வி (தொண்டி): துபாயில் இருக்கும் என் மாமா தம் நிறுவனத்தில் எனக்காகச் சொல்லி, பாஸ்போர்ட் நகலும் அனுப்பியாகிவிட்டது. இப்போது சென்னையில் வேலைக்குச் சம்மதித்துவிட்டேன்.

பதில்: முதலில் மாமாவிடம் பேசுங்கள், நிறுவனத்தார் வாயிலாக அவருக்குச் செய்தி போகக் கூடாது. அவர் வாக்குக் கொடுத்துத்தான் உங்கள் பெயர் அங்கே போயிருக்கிறது. பிறகு அன்றைக்கே நிறுவனத்துக்கு எழுதி, விசாவுக்கான வேலைகளைத் தொடங்க வேண்டாம் என்று தெளிவாகக் கேட்டுக்கொள்ளுங்கள். விசாவுக்கு விண்ணப்பித்து, கட்டணம் கட்டிய பிறகு விலகினால் அந்தச் செலவு நிறுவனத்தின் தலையில் விழும். அடுத்த முறை உங்கள் மாமா வேறொரு உறவினருக்காகச் சொல்லும்போது அந்த நினைவு குறுக்கே நிற்கும்.