கைதூக்கும் முன் தலைவர் என்ன வாசித்தார்?

கேள்வி: எங்கள் சங்கத்துக்கு நான்தான் செயலாளர். போன வாரக் கூட்டத்தில் பராமரிப்பு ஒப்பந்தம் பற்றி முடிவெடுத்தோம். மூன்று கொட்டேஷன் வாங்கிப் பார்த்த பிறகே புதுப்பிக்க வேண்டும் என்று முடிவானதாகப் பொருளாளர் சொல்கிறார். இப்போதே ஒரு வருடத்துக்குப் புதுப்பிப்பது, கொட்டேஷன் அடுத்த வருடத்துக்குத்தான் என்கிறார் தீர்மானத்தை முன்மொழிந்த உறுப்பினர். என் நோட்டில் "புதுப்பிப்பு – 1 வருடம் – 3 கொட்டேஷன்" என்று மட்டும் இருக்கிறது. மினிட்ஸில் எதை எழுதுவது?

பதில்: முதலில், இருவரையும் ஒன்றாக உட்காரவைத்துக் கேட்காதீர்கள். அப்படிக் கேட்டால் குரல் ஓங்கியவரின் ஞாபகம் மற்றவர் ஞாபகத்திலும் ஏறிவிடும். ஒருவர் சொன்னதை மற்றவரிடம் சொல்லாமல், தனித்தனியாக, ஒரே கேள்வியை எழுத்தில் கேளுங்கள். "நீங்கள் கொட்டேஷனுக்குப் பிறகு என்றுதானே சொன்னீர்கள்?" என்று கேட்டால் பதிலை நீங்களே ஊட்டிவிடுகிறீர்கள். "கைதூக்கச் சொல்வதற்கு முன் தலைவர் என்ன வாசித்தார்? அதற்குச் சற்று முன் யார் பேசினார்?" என்று கேளுங்கள்.

இந்தக் கேள்விக்குக் காரணம் உண்டு. கூட்டத்தில் பேசியதெல்லாம் தீர்மானம் ஆகாது. தலைவர் எந்த வாசகத்தை முன்வைத்து ஒப்புதல் கேட்டாரோ அதுதான் தீர்மானம். மனித ஞாபகமோ பேச்சில் சூடு பிடித்த இடத்தைத்தான் பிடித்துக்கொள்கிறது. பொருளாளர் "விலை பார்க்காமல் எப்படிக் கையெழுத்துப் போடுவது?" என்று வாதாடியிருப்பார், நாலு பேர் தலையாட்டியிருப்பார்கள். அவர் மனதில் அந்தத் தலையாட்டல்தான் முடிவாகப் பதிந்திருக்கும். முன்மொழிந்தவர் மனதில் தன்னுடைய முதல் வாசகம் நிற்கும். இரண்டுமே நடந்திருக்கலாம், யாரும் பொய் சொல்லவில்லை. நான் பார்த்த இப்படிப்பட்ட தகராறுகளில் பெரும்பாலும் நடுவில் ஒரு திருத்தம் தொங்கிக்கொண்டிருக்கும்.

ஆகவே அந்தத் திருத்தத்தைத் தேடுங்கள். பொருளாளர் சொன்னது வெறும் கருத்தா, திருத்தமா? திருத்தம் என்றால் வழிமொழிந்தவர் யார்? முன்மொழிந்தவர் "சரி, சேர்த்துக்கொள்ளலாம்" என்றாரா? தலைவர் வாசித்தபோது அது உள்ளே இருந்ததா? இதைத் தலைவரிடமும், இந்த விஷயத்தில் அக்கறை குறைவான இன்னொரு உறுப்பினரிடமும் கேளுங்கள். தன் பக்கம் ஜெயிக்க வேண்டிய அவசியம் இல்லாதவரின் ஞாபகத்தை நான் கூடுதலாக நம்புவேன்.

அப்புறம் காகிதங்கள். நிகழ்ச்சி நிரலில் இருந்த வாசகம், மற்றவர்கள் கூட்டத்தில் கிறுக்கிய குறிப்பு, ஒலிப்பதிவு இருந்தால் அது. தகராறு தொடங்குவதற்கு முன் எழுதப்பட்டதற்குத்தான் மதிப்பு. அன்று இரவே பொருளாளர் கொட்டேஷன் கேட்டு யாருக்காவது மெயில் அனுப்பியிருந்தால், அவர் அப்படித்தான் புரிந்துகொண்டார் என்பதற்கு அது சாட்சி. கூட்டம் அப்படி முடிவெடுத்தது என்பதற்குச் சாட்சி அல்ல.

விடை தெளிந்தால் வாசகத்தில் சந்தேகத்துக்கு இடம் விடாதீர்கள். "ஒப்பந்தத்தை ஒரு வருடத்துக்குப் புதுப்பிக்கவும், மூன்று கொட்டேஷன் பெறவும் தீர்மானிக்கப்பட்டது" என்று எழுதினால் அதே சண்டை மறுபடி வரும். நிபந்தனை என்றால் "மூன்று கொட்டேஷன் பெற்று, குழு பரிசீலித்த பிறகே புதுப்பிப்பது" என்று எழுதுங்கள். தனி வேலை என்றால் இரண்டு தீர்மானங்களாகப் பிரித்து, இரண்டாவதில் "அடுத்த வருட ஒப்பந்தத்துக்காக" என்று சேருங்கள். வரைவை இருவருக்கும் தலைவருக்கும் ஒரே மெயிலில் அனுப்புங்கள்.

தெளியவில்லை என்றால் இருவரையும் சமாதானப்படுத்த நடுவாந்தரமாக ஒரு வாசகம் செய்துவிடாதீர்கள். அப்படி ஒரு முடிவை யாருமே எடுக்கவில்லை. நிபந்தனையைச் சத்தமில்லாமல் விட்டுவிடுவதும் ஒருவர் பக்கம் சாய்வதுதான். எந்த வாசகத்தை ஒப்புதலுக்கு வைப்பது என்று தலைவரைக் கேட்டு, அதை வரைவு என்று குறித்து, கருத்து வேறுபாடு எதில் என்பதைத் தனிக் கடிதமாக இணைத்து அடுத்த கூட்டத்தில் வையுங்கள். திருத்தம் வேண்டுவோர் அங்கே கேட்கட்டும். அப்போது கூட்டம் முடிவு செய்வது "அன்று என்ன நடந்தது" என்பதை மட்டும்தான். "இப்போது எது நல்லது" என்று பேச்சு திரும்பினால் தலைவர் நிறுத்த வேண்டும்.

அதுவரை ஒப்பந்தத்தில் யாரும் கையெழுத்துப் போடக் கூடாது என்று இன்றே தலைவர் மூலம் சொல்லிவிடுங்கள். ஒப்பந்தம் அதற்குள் காலாவதியாகும் என்றால், உங்கள் விதிகள் அனுமதிக்கும் முறையில் அவசரக் கூட்டம் கூட்டி, விளக்கத் தீர்மானம் ஒன்றைப் புதிதாக நிறைவேற்றுங்கள். அதற்கு அன்றைய தேதிதான் போட வேண்டும். போன வார மினிட்ஸுக்குள் அதை நுழைக்கக் கூடாது. அந்த மூன்று சொல் நோட்டுப் பக்கத்தை மினிட்ஸ் ஒப்புதலாகும்வரை கிழிக்காதீர்கள், அதில் இப்போது எதையும் சேர்த்தும் எழுதாதீர்கள்.