ஆயிரம் தேங்காயில் எத்தனை கிலோ கொப்பரை? கேள்வி பதில்

செல்வி: ஐயா, ஆயிரம் காயை உடைத்துக் காயவைத்தால் எத்தனை கிலோ கொப்பரை கிடைக்கும்? இன்றைய விலைக்குக் கையில் எவ்வளவு நிற்கும்?

நன்கு முற்றிய நெட்டை மரக் காயாக இருந்தால் 130 முதல் 150 கிலோ வரை எதிர்பார்க்கலாம். வறட்சியில் விளைந்த சிறிய காயாக இருந்தால் 110 கிலோவோடு நின்றுவிடுவதும் உண்டு, பெரிய காய் தரும் மரங்களில் 170 கிலோவைத் தாண்டுவதும் உண்டு. இந்த இடைவெளி மிகப் பெரியது என்பதால், பொதுவான எண்ணை நம்பி வரவைக் கணக்கிடாமல் உங்கள் குவியலிலிருந்தே அளந்துகொள்வதுதான் சரி.

குவியலின் மேல், நடு, அடி ஆகிய இடங்களிலிருந்து பொறுக்கி எடுக்காமல் கைக்கு வந்த 20 காய்களை எடுத்து உடையுங்கள். தண்ணீரை வடித்து, பருப்பை மட்டும் தோண்டி எடுத்து எடை போடுங்கள். பருப்பு 5.4 கிலோ இருப்பதாக வைத்துக்கொள்வோம், அப்படியானால் ஒரு காய்க்குச் சராசரி 270 கிராம் ஆகிறது. முற்றிய பச்சைப் பருப்பில் ஏறக்குறைய பாதி ஈரம், ஆகவே இந்த 5.4 கிலோவில் ஈரம் நீங்கிய சத்து 2.7 கிலோ. காய்ச்சலில் கூடுவதும் குறைவதும் ஈரம் மட்டுமே, இந்த 2.7 கிலோ பருப்பு கெடாதவரை மாறுவதில்லை. ஆறு சதவீத ஈரத்தில் நிறுத்தினால் கொப்பரையின் நூறு பங்கில் 94 பங்கு சத்தாக இருக்கும். எனவே 2.7 கிலோவை 0.94 ஆல் வகுத்தால் 2.87 கிலோ வருகிறது, அதாவது ஆயிரம் நல்ல காய்க்கு 143.6 கிலோ.

ஆனால் ஆயிரம் காயும் நல்ல காயாக இருப்பதில்லை. முளைவிட்டு உள்ளே தேங்காய்ப்பூ கட்டியது, அழுகியது, வெடித்துத் தண்ணீர் வற்றிக் கெட்டது என 30 காய் கழிந்தால் மீதம் 970, கொப்பரை 139 கிலோ. கணக்குக்காகக் கிலோ விலை 100 ரூபாய் என்று வைத்தால் 13,900 ரூபாய். உங்களுக்குக் கிடைக்கும் அன்றைய விலையை 100 ஆல் வகுத்து இந்தத் தொகையோடு பெருக்கினால் போதும். இது செலவு கழிக்காத தொகை. உரிப்பு, உடைப்பு, காயவைப்பு, தோண்டல், சாக்கு, வண்டி ஆகியவற்றின் கூலி இதிலிருந்து போக வேண்டும். சிரட்டையை எரிக்காமல் விற்றால் அந்த வரவு சேரும்.

முருகேசன்: இவ்வளவு கணக்கு எதற்கு? உரித்த காயின் எடையில் பாதி பருப்பு, பருப்பில் பாதி கொப்பரை. நாங்கள் எப்போதும் இப்படித்தான் பார்க்கிறோம்.

பல வேளைகளில் உங்கள் கணக்கு சரியான விடைக்கு அருகில் வந்து நிற்கும். ஆனால் அது இரண்டு பிழைகள் ஒன்றையொன்று சரிக்கட்டுவதால்தான். பறித்தவுடன் உரித்த காயில் தண்ணீர் நிறைந்திருக்கும், அப்போது பருப்பு காயின் எடையில் பாதியைத் தொடுவதில்லை, நூற்றுக்கு 43 என்ற அளவில்தான் இருக்கும். சில வாரங்கள் வைத்திருந்து தண்ணீர் வற்றிய காயில்தான் பாதி என்பது பொருந்தும். அடுத்து, பருப்பில் பாதி என்று எடுப்பது முழுவதும் ஈரமற்ற சத்தின் எடை. கொப்பரையில் ஆறு சதவீத ஈரம் நிற்பதால் உண்மை எடை அதைவிடச் சற்று கூடுதலாகவே இருக்கும்.

600 கிராம் எடையுள்ள புதுக்காயைப் பாருங்கள். உங்கள் முறைப்படி 150 கிராம் கொப்பரை. பருப்பு 258 கிராம் என்று எடுத்துக் கணக்கிட்டால் 137 கிராம்தான் வருகிறது. ஆயிரம் காயில் இது 13 கிலோ வித்தியாசம். வியாபாரியிடம் முன்கூட்டியே எடை சொல்லி விலை பேசுபவருக்கு இது சிறிய தொகையல்ல. வைத்திருந்து தண்ணீர் வற்றிய காயை மட்டுமே உடைப்பவர் உங்கள் முறையைப் பின்பற்றலாம், குறை சொல்ல மாட்டேன்.

அன்பரசு: முழுக்கக் காயவைத்து எடையை இழப்பானேன்? பத்து சதவீத ஈரத்திலேயே விற்றால் கிலோ கூடுமே?

கூடும், எவ்வளவு என்பதையும் பார்த்துவிடலாம். மேலே சொன்ன 970 காயில் சத்து 131 கிலோ. ஆறு சதவீதத்தில் 139.4 கிலோ, பத்து சதவீதத்தில் 145.6 கிலோ. ஆக, ஆறு கிலோவுக்குச் சற்று மேல் கிடைக்கிறது. 100 ரூபாய் விலையில் ஈரக் கொப்பரைக்கு 5 ரூபாய் குறைத்துக் கேட்டார்கள் என்றால் 145.6 கிலோவுக்கு 13,832 ரூபாய்தான் வருகிறது, காய்ந்ததற்கோ 13,940 ரூபாய். விலைக்குறைப்பு நூற்றுக்கு நாலேகாலைத் தாண்டினால் ஈரத்தில் விற்பது நட்டம் என்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். வாங்குபவர் பெரும்பாலும் ஈரத்தின் எடையையும் கழித்து, விலையையும் குறைப்பார். அப்போது நட்டம் இரட்டிப்பாகிறது.

மறுபக்கமும் உண்டு. நான்கு சதவீதம் வரை வறட்டினால் 136.5 கிலோதான் மிஞ்சும். அதாவது, ஆறு சதவீதத்தில் நிறுத்தத் தெரியாமல் மூன்று கிலோவை வீணாக ஆவியாக்கிவிடுகிறோம். அதற்காக யாரும் கூடுதல் விலை தருவதில்லை.

ராணி: எங்கள் கொப்பரை மூன்றாம் நாள் மழையில் நனைந்து மஞ்சளும் பச்சையுமாகப் பூத்துவிட்டது. துடைத்துவிட்டு நல்லதோடு கலந்தால் எடை நிற்குமா?

எடை கணக்குப்படி நிற்காது. பூஞ்சணம் பருப்பின் எண்ணெயையும் சத்தையும் தின்றுதான் வளர்கிறது என்பதால், இதுவரை மாறாது என்று சொல்லிவந்த அந்தச் சத்தின் எடையே இங்கே குறைந்துவிடும். எவ்வளவு குறைந்தது என்பதைக் காய்ந்தபின் எடை போட்டுத்தான் அறிய முடியும். மஞ்சள் கலந்த பச்சை நிறப் பூஞ்சணம் அஃப்லடாக்சின் என்ற நஞ்சை உண்டாக்கக் கூடியது. துடைத்தால் நிறம் போகும், நஞ்சு போகாது. ஆகவே அதை நல்லதோடு கலக்க வேண்டாம். கலந்தால் மொத்த மூட்டையும் கீழ்த்தரத்துக்குப் போவதோடு, எண்ணெய்க்கும் அதன் பிண்ணாக்கைத் தின்னும் மாட்டுக்கும் அந்த நஞ்சு சேரும்.

உடைத்த முதல் இரண்டு நாள்தான் இதில் முக்கியம். முதல் 24 மணி நேரத்தில் ஈரத்தைப் பாதியிலிருந்து 35 சதவீதத்துக்கும், அடுத்த 24 மணி நேரத்தில் 20 சதவீதத்துக்கும் இறக்கிவிட்டால் பூஞ்சணத்துக்கு இடம் குறைவு. இதையும் எடையாலேயே கண்காணிக்கலாம். அளவுக்காக எடுத்த 5.4 கிலோ பருப்பைத் தனி வலைப்பையில் போட்டு, மற்றதோடு சேர்த்தே காயவையுங்கள். அந்தப் பை 4.15 கிலோவுக்கு வந்தால் ஈரம் 35 சதவீதம், 3.4 கிலோவுக்கு வந்தால் 20 சதவீதம், 2.87 கிலோவில் நிறுத்திவிடலாம். வெயிலில் ஐந்து முதல் ஏழு நாள் ஆகும் காய்ச்சலில் முதல் இரண்டு நாளுக்கான இந்த அளவை எட்டுவது மேகமூட்டத்தில் கடினம். அதனால் மழைக்காலத்தில் சூட்டு உலர்த்தி இல்லாதவர் காயாகவே விற்பதுதான் நல்லது என்பது என் கருத்து.

பைப் பருப்பில் ஈரம் சரியாகப் பாதிதானா என்ற ஐயம் இருந்தால், 100 கிராம் பருப்பை மெல்லிய சீவலாக்கி, கருகாத சூட்டில் எடை மேலும் குறையாத நிலை வரும்வரை உலர்த்திப் பாருங்கள். மிஞ்சும் கிராம்தான் சத்தின் சதவீதம். இளங்காய் கலந்திருந்தால் 50க்குக் கீழே வரும். அத்தகைய பருப்பு காய்ந்தபின் சுருங்கி, தோல்போல வளைந்து நிற்கும், உடையாது.

செந்தில்: கொப்பரைக்கு நல்ல விலை வருகிறது என்கிறார்கள். காயாக விற்பதா, கொப்பரையாக விற்பதா?

நீங்கள் கொண்டுவரும் கணக்கில் முதலில் இருக்க வேண்டியது காயின் விலை. ஆயிரம் காய்க்கு 139 கிலோ என்ற உதாரணத்தில், கொப்பரை விலை 100 ரூபாயாக இருக்கும்போது ஒரு காய் 13 ரூபாய் 90 காசுக்குக் கொப்பரையாகிறது. மொத்தத் தொகையான 13,900 ரூபாயோடு சிரட்டை விலையைக் கூட்டி, எல்லாக் கூலியையும் கழித்து, மீதத்தை ஆயிரத்தால் வகுத்து வரும் தொகைதான் உங்கள் எல்லை. கூலியும் வண்டியும் போகச் சிரட்டை வரவோடு சேர்த்துக் காய்க்கு 12 ரூபாய் நிற்கிறது என்றால், காயாகவே 12 ரூபாய்க்கு மேல் கேட்பவருக்குத் தயங்காமல் கொடுத்துவிடலாம். காய் எடைக்கு விற்கப்பட்டால், ஒரு கிலோவுக்கு எத்தனை காய் என்பதை முதலில் எண்ணிவிட்டுப் பிறகு ஒப்பிடுங்கள்.

வித்தியாசம் ஐந்து சதவீதத்துக்குள் இருந்தால் நான் காயாகவே விற்பேன். கழிவுக் காயின் எண்ணிக்கையும் அளவுப் பிழையும் அதற்குள் அடங்கிவிடும். ஒரு வாரம் காயவைக்கும் நேரத்தில் விலை இறங்கும் அபாயமும் நம் தலையில்தான் விழும்.

குமரேசன்: காயை ஒரு மாதம் வைத்திருந்து உடைத்தால் கொப்பரை கூடும் என்று எங்கள் பெரியவர்கள் சொல்வார்கள். நீங்கள் அதைப் பேசவே இல்லையே?

முற்றாத காய் கலந்த குவியலில் அது ஓரளவு உண்மையாக இருக்கலாம் என்று எண்ணுகிறேன். நன்கு முற்றிய காயில் சத்து கூடுவதற்கு எந்தக் காரணமும் எனக்குத் தெரியவில்லை. தண்ணீர் வற்றுவதால் பருப்பு சிரட்டையிலிருந்து எளிதில் கழன்றுவருகிறது, காய்ச்சலும் விரைவாகிறது, பெரியவர்கள் கண்ட நன்மை பெரும்பாலும் இதுவாக இருக்கும். இடையில் முளைக்கும் காய்களையும் கழிவில் சேர்த்துப் பாருங்கள்.

குமரேசன்: முற்றிய காயிலேயே எங்களுக்குக் கூடுகிறது. நீங்கள் சொல்வதை ஒப்புக்கொள்ள முடியவில்லை.

அப்படியானால் ஒரே நாளில் பறித்த காயில் 20ஐ உடனேயும் 20ஐ மாதம் கழித்தும் உடைத்து, இரண்டின் பருப்பையும் எடை நிற்கும்வரை உலர்த்தி ஒப்பிட்டு எழுதுங்கள். மரமும் குலையும் ஒன்றாக இருந்தால் மேலும் நல்லது.

செல்வி: கடைசியாக ஒன்று, ஐயா. விற்குமிடத்தில் ஈரமானி காட்டும் அளவு எங்கள் பையின் கணக்கோடு ஒத்துவரவில்லை என்றால் எதை நம்புவது?

உலர்த்தி இறக்கிய அன்றே அளந்தால் மேற்புறம் வறண்டும் நடுப்பகுதி ஈரமாகவும் இருக்கும், அதனால் ஊசி குத்தும் ஆழத்துக்கு ஏற்பக் கருவி மாறிமாறிக் காட்டும். ஓரிரவு குவித்து மூடிவைத்து ஈரம் சமமானபின் எடுத்துச் செல்லுங்கள். தடித்த துண்டுகளை இரண்டாக ஒடித்து, ஒடிந்த முகத்தில் கருவியை வைக்கச் சொல்லுங்கள். ஒடிக்கும்போது படக்கென்ற ஒலியோடு முறிந்தால் காய்ந்திருக்கிறது, ஒலியில்லாமல் வளைந்து பிய்ந்தால் கருவி சொல்வதே சரியாக இருக்கும். சாக்கின் எடையை ஏற்றுமுன் உங்கள் தராசில் போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள், மூட்டைக்குக் கழிக்கும் கிலோவை அதோடு ஒப்பிட அது உதவும்.