ஏமாந்து அனுப்பிய பணம்: கணக்கை முடக்குவது எப்படி?

"சுங்கை சிப்புட்டில் இருக்கிறேன். போலீஸ் என்று மிரட்டியவனுக்கு அப்பா சற்றுமுன் 3,000 ரிங்கிட் அனுப்பிவிட்டார். நாளை வங்கிக்குப் போனால் போதுமா?"

போதாது, தம்பி. இப்போதே வங்கியின் மோசடிப் புகார் எண்ணையோ தேசிய மோசடி எதிர்வினை மையத்தின் 997-ஐயோ அழையுங்கள். மோசடிக்காரர்கள் பயன்படுத்துவது பெரும்பாலும் வேறொருவர் பெயரில் உள்ள இரவல் கணக்கு; வந்த பணம் சில நிமிடங்களிலேயே அடுத்த கணக்குக்குத் தாவிவிடும். முடக்கினாலும் எஞ்சியிருப்பதுதான் நிற்கும்.

ரசீதைக் கையில் வைத்துக்கொண்டு பெறுநர் கணக்கு எண், வங்கி, தொகை, நேரம், பரிவர்த்தனை எண் ஆகியவற்றைச் சொல்லுங்கள். அப்பாவும் பக்கத்தில் இருக்கட்டும், கணக்குக்காரர் அவர்தானே. "தவறுதலாக அனுப்பினேன்" என்று மட்டும் சொல்லவேண்டாம். அது எண் மாறிய வழக்காகப் பதிவாகி, வீணாகத் தாமதமாகலாம். "மிரட்டி ஏமாற்றினார்கள், பெறும் வங்கிக்கு உடனே தெரிவியுங்கள்" என்று கேளுங்கள். புகார் எண்ணைக் குறித்துக்கொண்டு காவல் நிலையத்துக்குப் போங்கள்.