சென்னை, மதுரை ரெண்டுக்கும் ஒரே கூகுள் ஆட்ஸ் கேம்பெய்ன் ஓட்டுறேன். மதுரையில கிளிக் பாதி ரேட்டுக்கு விழுது, பட்ஜெட்டை அங்க தள்ளிடலாமா?

அவசரப்படாதீங்க. மதுரையில ஏலத்துக்கு வர்ற ஆளுங்க கம்மி, அதனால கிளிக் மலிவா விழுறது சகஜம்தான். ஒரு ஆர்டர் பிடிக்க எவ்ளோ செலவாச்சு, அதுல கையில எவ்ளோ நிக்குதுன்னு பாத்தாதான் எது மலிவுன்னு தெரியும்.

மாடுலர் கிச்சன் தொழில்னு வெச்சுக்கலாம், கணக்குக்காக சில நம்பர் போடுறேன். சென்னையில கிளிக் 60 ரூபா, 20 கிளிக்குக்கு ஒரு லீட், ஆக லீட் 1200. 10 லீட்ல ஒண்ணு ஆர்டர் ஆகுதுன்னா செலவு 12,000. 3 லட்சம் ஆர்டர்ல 15% மார்ஜின் 45,000, விளம்பரச் செலவு போக 33,000 நிக்குது. மதுரையில கிளிக் 30, லீட் 600. ஆனா அங்க ஷோரூம் இல்ல, அளவெடுக்க ஆள் போக நாலு நாள் ஆகுது, அதுக்குள்ள கஸ்டமர் உள்ளூர் ஆசாரிகிட்டயே குடுத்துடறாங்க. 25 லீட்ல ஒண்ணுதான் தேறுது, அதுவும் ஒன்றரை லட்சம் ஆர்டர். செலவு 15,000, மார்ஜின் 22,500, மிஞ்சுறது வெறும் 7,500.

மார்ஜின்ல கால்வாசிதான் விளம்பரத்துக்குன்னு முடிவு பண்ணா, சென்னையில ஒரு லீடுக்கு 1125 வரைக்கும் குடுக்கலாம், மதுரையில 225தான். கிளிக்குல சொன்னா 56க்கும் 11க்கும் உள்ள வித்தியாசம். மேனுவல் பிட்டிங்னா மதுரை லொகேஷனுக்கு -80% போட்டா வேலை முடிஞ்சுது. ஒரு லீடுக்கு இவ்ளோன்னு டார்கெட் வெச்சு பிட்டை கூகுள்கிட்டயே விடுற Target CPA ஓட்டுறீங்கன்னா அந்த சதவீதத்தை கூகுள் கண்டுக்கவே கண்டுக்காது, போட்டுட்டு வேலை செய்யுதுன்னு நம்பிட்டு இருக்கறவங்க நிறைய பேர். அதுக்கு கேம்பெய்னையே தனியா பிரிச்சு தனி டார்கெட் குடுக்கணும். மதுரை, திருச்சி, சேலம்னு ஊருக்கு ஒண்ணா பிரிக்காதீங்க, ஒவ்வொண்ணுலயும் நாலஞ்சு லீட்தான் வரும், சிஸ்டம் அதுல என்னத்த கத்துக்கும்? ஒரே மாதிரி கணக்கு வர்ற ஊர்களை ஒண்ணா கட்டுங்க.

பிரிக்கறதுக்கு முன்னாடி லீட் ஃபார்ம்ல பின்கோடு கேளுங்க, இது ரொம்ப முக்கியம். மொபைல் நெட்வொர்க் ஐபியை வெச்சு பாக்கும்போது வெளியூர்க்காரங்க சென்னைன்னு பதிவாகறது உண்டு, அது போக லொகேஷன் செட்டிங் Presence or interest-ல இருந்தா மதுரையைப் பத்தி தேடுற சென்னைக்காரரும் மதுரை கணக்குல வந்துடுவார். ரிப்போர்ட்ல இருக்கற ஊரும் பின்கோடும் ஒத்துப்போகலன்னா மேல போட்ட கணக்கு எதுவும் செல்லாது, Presence மட்டும் வெச்சுட்டு மறுபடி பாருங்க.

உங்களுக்கு மதுரையிலயே கடையும் ஆளும் இருந்தா நிலவரம் தலைகீழாவும் இருக்கலாம். அப்பவும் அங்க தேடுற ஆளுங்க அளவுதான், உங்க விளம்பரம் வந்திருக்கக்கூடிய தேடல்கள்ல எத்தனை சதவீதத்துல நிஜமா வந்துச்சுன்னு சொல்ற இம்ப்ரெஷன் ஷேர் ஏற்கனவே 80, 90% தொட்டிருச்சுன்னா பிட்டை ஏத்தினாலும் லீட் பெருசா கூடாது, அதே கிளிக்குக்கு கூட காசு குடுப்பீங்க, அவ்ளோதான்.