ஆர்டர் குறைஞ்சா எப்போ கவலைப்படணும்? கேள்வி பதில்

குன்னூர், தேயிலைத்தூள் கடை: அக்கா, கூரியர் ஆர்டர் நேத்து 26, இன்னைக்கு 16. ஏதோ கோளாறுதானே?

நீங்க அனுப்பின முந்தின 10 வேலைநாள் கணக்கு: 22, 26, 19, 24, 28, 23, 21, 27, 24, 26. சராசரி 24. ஒரு நாளுக்கும் மறுநாளுக்கும் உள்ள வித்தியாசத்தை, ஏற்றமா இறக்கமான்னு பார்க்காம எழுதுங்க: 4, 7, 5, 4, 5, 2, 6, 3, 2. இதோட சராசரி 4.22. அதை இந்த முறைக்குன்னு இருக்கிற மாறாத எண் 2.66ஆல் பெருக்கினா 11.2. சராசரியோட கூட்டினா மேல்கோடு 35.2, சராசரியிலிருந்து கழிச்சா கீழ்கோடு 12.8.

16 இந்த ரெண்டு கோட்டுக்கும் உள்ளேதான் இருக்கு, வழக்கமான ஏற்ற இறக்கம்தான், விட்டுடுங்க. பதறிப்போய்த் தள்ளுபடி கொடுத்தா, நாளைக்கு அதுவா ஏறுறதையும் தள்ளுபடி கணக்குல எழுதிடுவீங்க. 9 மாதிரி கோட்டுக்கு வெளியே வந்தா மட்டும் அன்னைக்கே தேடுங்க: ஆன்லைன்ல பணம் போகுதா, ஸ்டாக் தப்பா ‘இல்லை’ன்னு காட்டுதா, வாட்ஸ்அப் நம்பர் வேலை செய்யுதா.

கோத்தகிரி: எக்செல்ல STDEV போட்டு மூணால பெருக்கினா போதுமே?

மூணு சிக்மா, அதாவது சிதறல் அளவுல மூணு மடங்கு தள்ளி கோடு போடறது, சரி, 1924ல அமெரிக்கப் புள்ளியியலாளர் ஷூவார்ட் வரைஞ்ச படத்திலிருந்து வர்ற வழி அது. STDEVதான் இடிக்குது. நடுவுல விற்பனை ஒரேயடியா ஒரு படி இறங்கியிருந்தா, அந்த இறக்கத்தையும் சேர்த்துக்கிட்டு கோடு அகலமாயிடும். பிடிக்க வேண்டியது உள்ளேயே ஒளிஞ்சுக்கும். நாளுக்கு நாள் வித்தியாசத்துல அந்த இறக்கம் ஒரே ஒரு தடவைதான் வரும். B2 முதல் B11 வரை ஆர்டர் இருந்தா, C3ல முதல் வரியைப் போட்டு C11 வரை இழுங்க. அடுத்த ரெண்டும் மேல்கோடு, கீழ்கோடு:

```
=ABS(B3-B2)
=AVERAGE(B2:B11)+2.66*AVERAGE(C3:C11)
=AVERAGE(B2:B11)-2.66*AVERAGE(C3:C11)
```

பத்து நாள் கோடு தற்காலிகம்தான். இருபது நாள் சேர்ந்ததும் திருத்துங்க.

கொடைக்கானல், சாக்லேட் கடை: சனி, ஞாயிறு 60 தாண்டும், செவ்வாய் 20தான். எதுவும் கோட்டுக்கு வெளியே போனதில்ல. அப்போ கடை நல்லா ஓடுதுன்னுதானே அர்த்தம்?

இல்லைங்க. வெள்ளியிலிருந்து சனிக்கு ஒரு தாவல், ஞாயிறிலிருந்து திங்களுக்கு ஒரு சரிவு. வாராவாரம் இந்த ரெண்டும் வித்தியாசத்தோட சராசரியை ஊதிவிடுது. கீழ்கோடு பூஜ்யத்துக்கும் கீழே போயிருக்கும், பாருங்க. செவ்வாய்க்கிழமை ஒண்ணுமே விற்காட்டிகூட படம் சும்மா இருக்கும். வேலைநாளுக்கு ஒரு படம், வாரக்கடைசிக்கு ஒரு படம்னு பிரிங்க.

சீசனும் அப்படித்தான். பிப்ரவரியில போட்ட கோடு மே மாசத்துக்கு ஆகாது. 2024 மே மாசம் இ-பாஸ் வந்த மாதிரி, காரணம் தெரிஞ்ச மாற்றம் வந்தா பழைய கோட்டை அன்னையோட நிறுத்திட்டு, அடுத்த நாட்களை வெச்சு புதுசா போடுங்க.

கூடலூர்: எனக்கு மலைத்தேன் மட்டும்தான். நாளைக்கு ஒண்ணு, ரெண்டு, சில நாள் இல்லவே இல்ல.

உங்களுக்கு இந்தத் தினசரிப் படம் வேண்டாம். கீழ்கோடு எப்பவும் பூஜ்யத்துல முட்டும், சரிவைக் காட்டவே காட்டாது. வாரக் கூட்டலைப் போட்டுப் பாருங்க.

குன்னூர், தேயிலைத்தூள் கடை: கோட்டுக்குள்ளேயே நாலு நாள் தொடர்ந்து சராசரிக்குக் கீழே வந்தா?

நாலு சீக்கிரம். ஒரு குறையும் இல்லாத கடையிலயும் அப்படி அடிக்கடி வரும். வழக்கமா எடுத்துக்கிறது 8. ஆனா ஆறு வார சீசன்ல 8 வேலைநாள் காத்திருக்கிறது பெரிய நஷ்டம். அங்கே 6 போதும்னு சிலர் வைக்கிறாங்க, பொய் எச்சரிக்கையும் அதுக்கேத்த மாதிரி கூடும். ரெண்டுல எது உங்க கடைக்குத் தாங்கும்னு நீங்கதான் பார்க்கணும்.